வக்ர சுக்கிரனில் திரும்பி வந்த கூட்டாளி

"பிரிந்துபோன கூட்டாளி திரும்ப வந்து, மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை போடலாம் என்கிறார். சுக்கிரன் வக்ரமாமே, மனைவி நகையை அடகு வைத்துப் பணம் போடலாமா?"

அடகு வேண்டாம். பேச்சு வார்த்தையைத் தாராளமாகத் தொடருங்கள்.

உறவுக்கும் நகைக்கும் காரகன் சுக்கிரன். அவர் பின்னோக்கிச் செல்லும்போது பழைய ஆளும் பழைய கணக்கும் சேர்ந்தே திரும்பி வரும் என்பது சோதிடக் கணிப்பு. திருக்கணிதப்படி 2026 அக்டோபர் 3-இல் துலாமில் வக்ரமாகிறார். அது ஆட்சி வீடு. அங்கிருந்து பின்வாங்கி நீச வீடான கன்னிக்குள் போய், நவம்பர் 14-இல்தான் நேர்கதிக்குத் திரும்புகிறார். ஆசை பெரிதாகத் தெரியும், மதிப்பு இறங்கும் என்று இதைப் படிக்கிறேன்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். பழைய கணக்கு நோட்டை இருவரும் சேர்ந்து திறந்து, பிரிந்தபோது யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவர் அந்தப் பக்கத்தைத் தொடவே தயங்கினால் அதுதான் பதில்.

ஒன்று: வக்ர கிரகத்துக்கு அதன் இயக்கத்தால் வரும் வலிமையான சேஷ்டா பலம் உண்டு, எனவே எல்லோருக்கும் கெடுதல் என்பதில்லை, உங்கள் தசாபுக்தியையும் பார்க்க வேண்டும். நவம்பர் 14 தாண்டினாலும் அடகு வட்டியைக் கடை வருமானம் தாங்குமா என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது.