"எப்போதாவதுதானே வருகிறது" என்றால் என்ன எழுதுவது?

கேள்வி: டெஸ்டிங் குழுவில் இருக்கிறேன். நாளை மறுநாள் ரிலீஸ். ஒரே ஆர்டருக்குச் சில சமயம் இரண்டு முறை பணம் போகிறது. 20 முறை முயன்றதில் 3 முறை வந்தது. "எப்போதாவதுதானே வருகிறது, சைன்-ஆஃப் கொடுங்கள்" என்கிறார் புராடக்ட் ஓனர். எப்படி மறுத்து எழுதுவது?

பதில்: எழுதுவதற்கு முன் அந்த "சில சமயம்" எப்போது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: சர்வரின் பதில் தாமதமாகிறது, ஆப் பொறுமையிழந்து அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்புகிறது, சர்வர் அதைப் புதிய கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. டெஸ்ட் சர்வரில் பதிலை, ஆப் காத்திருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகத் தாமதப்படுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிழை வந்தால் காரணம் பிடிபட்டது. வராவிட்டால் காரணம் வேறு. அப்போது 20-க்கு 3 என்பதை மட்டும் எழுதுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

20-க்கு 3 என்பதை வாடிக்கையாளரில் 15 சதவீதம் பேருக்கு வரும் என்று மாற்றிச் சொல்லவே கூடாது. அது உங்கள் டெஸ்ட் சூழலின் கணக்கு. உண்மையான அளவு வேண்டுமென்றால், இப்போது ஓடும் சிஸ்டத்தின் லாகில் கடந்த வாரம் எத்தனை கட்டணங்களுக்குச் சர்வரின் பதில் ஆப் காத்திருக்கும் நேரத்தைத் தாண்டியது என்று ஆபரேஷன்ஸ் குழுவிடம் கேளுங்கள். ஆபத்தைப் பற்றிய பேச்சுக்கு அந்த எண்தான் கனம் தரும்.

காத்திருப்பு நேரம் 10 விநாடி, காரணமும் உறுதியானது என்று வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். 4.12 பில்டுக்கு என்னால் சைன்-ஆஃப் தர இயலாது. கட்டணப் பதில் 10 விநாடியைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் இரண்டு முறை பணம் பிடிக்கப்படுகிறது. செய்முறை, ஆர்டர் எண்கள், லாக் எல்லாம் டிக்கெட்டில் உள்ளன. மற்ற பகுதிகளில் ரிலீஸைத் தடுக்கும் பிழை இல்லை. பணத்தைத் திருப்பித் தருவது கையால் செய்யும் வேலை. பில்டைப் பின்வாங்கினாலும் பிடித்த பணம் தானாகத் திரும்பாது.

வழிகள் மூன்று. ஒன்று, ஆப்பின் தானியங்கி மறுமுயற்சியை நிறுத்திவிட்டு, குறித்த நாளில் வெளியிடுவது. தாமதமானால் பயனர் 'நிலுவையில் உள்ளது' என்று பார்ப்பார், மறுசோதனைக்கு அரை நாள் வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பணம் பிடிக்காமல் சர்வர் பழைய பதிலையே தரும்படி திருத்துவது. டெவலப்பர் கணிப்புப்படி இரண்டு நாள், பிறகு ஒரு நாள் சோதனை. மூன்று, இப்படியே வெளியிடுவது. என் பரிந்துரை முதலாவது. முடிவை இன்று மாலை 4 மணிக்குள் சொல்லுங்கள்."

முதல் வழியில் ஒரு கண்ணி உண்டு. ஆப் தானாக மறுபடி அனுப்பாவிட்டாலும் பயனர் பட்டனை மறுபடி அழுத்தலாம். நிலுவையில் இருக்கும்வரை பட்டன் செயல்படாமல் இருக்கிறதா, ஆப்பை மூடித் திறந்த பிறகும் அப்படியே இருக்கிறதா என்று அந்த அரை நாளில் பாருங்கள்.

அவர் மூன்றாவதைத் தேர்ந்தால் அது அவருடைய அதிகாரம். டிக்கெட்டில் அவரே எழுதட்டும். ஒரே ஆர்டர் எண்ணில் இரண்டு வெற்றிகரமான கட்டணங்கள் உள்ளனவா என்று தினமும் யார் பார்ப்பது, யார் பணத்தைத் திருப்புவது என்பதையும் ரிலீஸுக்கு முன்பே அங்கே குறிக்கச் சொல்லுங்கள்.