சேனல் மாட்டிய டிராயர் கடைசியில் மட்டும் இறுகினால் எங்கே பார்க்க வேண்டும்?

"டெலஸ்கோபிக் சேனல் வாங்கி நானே டிராயருக்கு மாட்டினேன். முக்கால்வாசி நன்றாக ஓடுகிறது. மூடும்போது கடைசியில் மட்டும் இறுகுகிறது, அழுத்தி மூடினால் முகப்பில் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. சேனல் சரியில்லையா, நான் மாட்டியது தவறா?"

சேனலை மாற்ற அவசரப்படாதீர்கள். கடைசியில் மட்டும் இறுகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது, டிராயர் நுழைகிற கூட்டின் பின்பக்க அகலத்தை. பெரும்பாலோர் முன்வாயை மட்டும் டேப் வைத்து அளந்துவிட்டு டிராயரைச் செய்துவிடுகிறார்கள். நானும் முதல் மேசையை அப்படித்தான் செய்தேன்.

பக்கவாட்டில் மாட்டும் சாதாரண பால் பேரிங் சேனலுக்கு ஒரு பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் இடம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. டிராயர் பெட்டியின் வெளி அகலம் கூட்டின் உள் அகலத்தைவிட இந்த அளவு குறைவாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் சேனல் பொறுத்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலே இறுக ஆரம்பிக்கும். அதனால் சந்தேகம் வந்தால் பெட்டியைக் கொஞ்சம் ஒடுக்கமாகவே செய்யலாம். இடம் கூடிப்போனால் சேனலுக்குப் பின்னால் ஏதாவது வைத்து நிரப்பிக்கொள்ளலாம். குறைந்தால் மரத்தைச் சீவ வேண்டியிருக்கும்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டின் முன்வாய் 450 மில்லிமீட்டர். பெட்டியை 424.5-க்குச் செய்தேன். முன்னால் 25.5 இடம், சரியான அளவு. டிராயர் வெளியே வரும்போது வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே போகும்போது கடைசி நான்கு விரல் அளவில் பிடித்துக்கொண்டது. பின்னால் கையை விட்டு அளந்தால் 447. அங்கே இருந்த இடம் 22.5 மட்டுமே. டிராயரை மூடும்போது அதன் பின்பகுதி அந்தக் குறுகலுக்குள் போய் நெருக்குப்பட்டிருக்கிறது. காரணம், கூட்டுக்கு நான் இன்னும் பின்பலகை அடிக்கவில்லை. பக்கப் பலகைகள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. 450-க்கு ஒரு கட்டையை வெட்டிப் பின்னால் குறுக்கே முட்டுக்கொடுத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பின்பலகையை அடித்ததும் இறுக்கம் போய்விட்டது. சேனலில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பின்னால் அகலம் கூடியிருந்தாலும் டிராயர் கடினமாகத்தான் ஓடும், ஏனென்றால் சேனலின் பட்டைகள் ஒன்றையொன்று விலக்கி இழுக்கப்படுகின்றன. கையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. டிராயரைக் கழற்றி, ஒரு பக்கக் கூட்டுச் சேனலின் பின் திருகை மட்டும் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். டிராயரைத் திரும்ப மாட்டி மூடுங்கள். இப்போது சுலபமாக மூடி, சேனலின் பின்முனை பலகையை விட்டு விலகி நிற்கிறதா? அப்படியானால் அகலம்தான் கூடியிருக்கிறது. விலகிய இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தடிமனுக்கு மைக்காத் துண்டைத் திருகு இருக்கும் இடத்தில் சேனலுக்குப் பின்னால் வைத்து முடுக்கிவிடலாம். ஒரு மைக்காத் துண்டு பெரும்பாலும் 1 மில்லிமீட்டர், கணக்கு எளிது. தளர்த்திய பிறகும் அதே இறுக்கம் என்றால் இடம் குறைவு. கூட்டை விரிக்க வேண்டும், அல்லது பெட்டியின் பக்கத்தை இழைக்க வேண்டும்.

அகலம் சரியான பிறகுதான் சேனல் இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பது. முகப்பு ஒரு பக்கம் துருத்துகிறது என்றீர்களே, அதற்கு வழக்கமான காரணம் ஒரு சேனல் மற்றதைவிட 2 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது. ஒரு பக்கம் முன்கூட்டியே தட்டி நின்றுவிடும், மறுபக்கம் இன்னும் போகப் பார்க்கும், டிராயர் கோணிக்கொள்ளும். முகப்புப் பலகை கூட்டின் விளிம்பை மூடுகிற வகை என்றால் சேனலை விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைக்கிறேன். முகப்பு கூட்டுக்குள் அடங்குகிற வகை என்றால் முகப்பின் தடிமனையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். அதே நேரத்தில் பெட்டியின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். அவை ஒத்துவரவில்லை என்றால் பெட்டியே கோணல். சேனலை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது.

உயரத்துக்கு டேப் வைத்துக் கோடு போடுவதை நான் விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தால் எங்கேயாவது ஒரு மில்லிமீட்டர் தப்பிவிடுகிறது. பிளைவுட்டில் சேனல் நீளத்துக்கு ஒரு துண்டை, வேண்டிய உயரத்துக்கு வெட்டுங்கள். அதைக் கூட்டின் அடிப்பலகை மேல் நிற்கவைத்து, சேனலை அதன் தலையில் உட்கார வைத்துத் திருகுங்கள். பிறகு அதே துண்டை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரே உயரம் தானாக வந்துவிடும். ஒன்றுக்கு மேல் டிராயர் இருந்தால் மேல் டிராயரில் ஆரம்பித்து, அடுத்ததுக்கு அதே துண்டை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ரசமட்டத்தை இங்கே நம்ப வேண்டாம். தரை சரிவாக இருந்தால் கூடும் சரிந்துதான் நிற்கும். சேனல் ஒத்துப்போக வேண்டியது கூட்டின் அடிப்பலகையோடு, தரையோடு அல்ல.

திருகு போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. சேனலில் வட்டத் துளைகளோடு நீளத் துளைகளும் இருக்கும். பெரும்பாலான சேனல்களில் கூட்டுப் பக்கம் இருக்கும் படுக்கைத் துளை முன்பின் நகர்த்த, டிராயர் பக்கம் இருக்கும் நெட்டுத் துளை மேல்கீழ் நகர்த்த. முதலில் நீளத் துளைகளில் மட்டும், திருகை அதன் நடுவில் வைத்து மாட்டுங்கள். டிராயரைப் போட்டு ஓட்டிப் பார்த்து, முகப்பின் இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் வட்டத் துளைகளில் திருகு ஏற வேண்டும். வட்டத்தில் போட்டுவிட்டால் அப்புறம் நகர்த்த இடமில்லை. திருகின் தலை தட்டையாக, சேனலின் குழியில் அடங்குவதாக இருக்கட்டும். டிராயர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் "டக்" என்று தட்டினால் ஏதோ ஒரு தலை தூக்கிக்கொண்டிருக்கிறது.

டிராயரைத் திரும்ப மாட்டும்போது, கூட்டுச் சேனலுக்குள் இருக்கும் குண்டுகளின் சட்டத்தை இரண்டு பக்கமும் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பட்டையும் ஒரே நேரத்தில் நேராக நுழையும்படி தள்ளுங்கள். சட்டம் உள்ளே தங்கியிருக்கும்போது வலிந்து தள்ளினால் அது நசுங்கிக் குண்டுகள் உதிர்ந்துவிடும், அந்தச் சேனல் அதோடு போயிற்று. முதல் முறை மூடும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சட்டம் தன் இடத்துக்குப் போகிற இறுக்கம் அது. இரண்டாவது முறையும் அப்படியே இருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு திரும்ப அந்தப் பின்பக்க அகலத்துக்கே போங்கள்.