சத்துமாவு ரீலுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

தண்டையார்பேட்டையில சத்துமாவு விக்கிறோம். ரீல் போடப்போற சின்ன இன்ஃப்ளூயன்சருக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?

ஒரு பக்கம் போதும். கட்டாயம் சொல்ல வேண்டியவை மூன்றுதான்: என்னென்ன தானியம், அரைக் கிலோ விலை, எங்கே கிடைக்கும். வசனமாக எழுதித் தராதீர்கள், ஒப்பிப்பது காட்டிக்கொடுத்துவிடும்.

கேப்ஷனின் முதல் வரியிலேயே 'விளம்பரம்' என்று இருக்கட்டும். 'More' அழுத்தினால்தான் தெரியும் என்றால் செல்லாது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கியின் (ASCI) விதிப்படி 30 நொடி ரீலில் அந்தச் சொல் 10 நொடியாவது திரையில் நிற்க வேண்டும்.

சிக்கல் பேச்சுவாக்கில்தான் வரும். "எங்க ஆயாவுக்கு சுகர் குறைஞ்சிடுச்சு" என்பது சொந்த அனுபவம் மாதிரி இருந்தாலும் நோய் தீர்க்கும் என்ற வாக்குறுதிதான். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்யக் கூடாது. வெறுமனே தடுத்தால் அதையே வேறு வார்த்தையில் சொல்வார். பக்கத்திலேயே மாற்று வரியும் கொடுங்கள்: "ஆயாவுக்குக் காலையில இந்தக் கஞ்சிதான்."