வால் எலும்புச் சிவப்பும் குதிகால் கருநீலமும்: படுக்கைப் புண்ணின் முதல் நாட்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மாமியாருக்கு 79 வயது, எடை 45 கிலோ இருக்கும். பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் படுக்கைதான், வலது பக்கம் அசைவில்லை. சர்க்கரையும் உண்டு. நேற்று உடம்பு துடைக்கும்போது வால் எலும்புக்கு மேல் ஐந்து ரூபாய்க் காசு அளவு சிவந்திருந்தது. வலது குதிகாலில் கருநீலமாக ஒரு திட்டு. எங்கும் தோல் கிழியவில்லை. எண்ணெய் தேய்த்துப் பவுடர் போடுகிறேன். இது படுக்கைப் புண்ணா? குளிருக்குச் சுடுதண்ணீர்ப் பை வைக்கலாமா?

பதில்: உங்கள் கண்ணுக்குச் சிவப்புதான் பெரிதாகப் பட்டிருக்கும். எங்களுக்குக் கவலை தருவது குதிகால். காரணத்தைப் பிறகு சொல்கிறோம், முதலில் வால் எலும்பைப் பார்ப்போம்.

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அந்த இடத்தில் எந்தப் பாரமும் படாமல் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு சிவப்பின் நடுவே விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, உடனே மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் கெடவில்லை; பாரத்தை விலக்கினால் போதும், தானாக மாறும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அது முதல் நிலைப் படுக்கைப் புண். தோல் கிழியாவிட்டாலும் புண்தான். கறுத்த உடம்பில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அங்கே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ பஞ்சு மாதிரியோ இருந்தால் அதுவும் அதே நிலைதான். மலையில் மூடுபனி நாளில் வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் நிலையில் பாரத்தை முழுதாக விலக்கிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சிவப்பு மங்கத் தொடங்கும். ஆகவே சிவப்பு போகும்வரை அவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். இடது, வலது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். செயலிழந்த வலது பக்கத்தில் மட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழுப் பக்கவாட்டில் படுத்தால் இடுப்பு எலும்பு அழுந்தி அங்கே புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தலையணையை வைத்து, சுமார் 30 டிகிரி மட்டும் சாய்த்து விடுங்கள். சரியாகச் சாய்ந்திருக்கிறாரா என்று பார்க்க, உங்கள் உள்ளங்கையை வால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே விடுங்கள். கை இறுகாமல் போனால் சரி.

பெரும்பாலும் தவறு நடப்பது திருப்பும்போது. தனி ஆளாக அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டிக்கொள்ளும், எலும்பு மட்டும் நகரும்; உள்ளே இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். தோளிலிருந்து தொடைவரை வரும்படி ஒரு போர்வையை மடித்துக் கீழே விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சாப்பாடு கொடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தும்போதும் இதே இழுவை வரும், அவர் மெல்லக் கீழே சரிவார். முதலில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு, பிறகு தலையை உயர்த்துங்கள். சாப்பிட்டு முக்கால் மணி ஆனதும் 30 டிகிரிக்குள் இறக்கிவிடுங்கள்.

எண்ணெய் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே நசுங்கிய இடத்தைத் தேய்த்தால் சேதம் கூடும். பவுடர் வியர்வையில் கட்டியாகி உரசும். சிறுநீர், மலம் படும் இடமென்றால் சுத்தம் செய்து ஒற்றி எடுத்து, துத்தநாக களிம்போ வாசலினோ மெல்லிசாகப் பூசுங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தையும் வாங்காதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை அது நெரிக்கும், நடுவில் ரத்தம் தேங்கும். மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தை நல்லது, ஆனால் குளிருக்காக அதன் மேல் கம்பளியை மடித்துப் போட்டால் வாங்கியதே வீண். மெத்தை மேல் ஒரே ஒரு விரிப்பு. கம்பளியெல்லாம் அவருக்கு மேலேதான். மின்சாரம் போனால் காற்று இறங்கிவிடும். அப்போது வழக்கம்போல் கையால் திருப்புவதுதான் வழி.

மழை மாதங்களில் மலையில் விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. அரை ஈரத்தில் விரிப்பதைவிட அடுப்படிக் கொடியில் போட்டு நன்றாக உலர்த்தி விரியுங்கள். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரிந்துவிடும்.

இப்போது குதிகால். கருநீலம், ஊதா, ரத்தம் கட்டிய கொப்புளம்: இவை மேல்தோலில் தொடங்கியவை அல்ல. எலும்பை ஒட்டிய சதை முதலில் நசுங்கி, அந்த நிறம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நேற்று நீங்கள் பார்த்தது அதற்கு முந்தைய நாட்களில் நடந்தது. தோல் முழுதாக இருப்பதை வைத்துச் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம், சில நாளில் கறுத்து ஆழமான புண்ணாகத் திறக்கலாம். சர்க்கரையும் இருப்பதால் தாமதிக்காமல் டாக்டர் பார்த்தாக வேண்டும், காலில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்து. அதுவரை ஒரு தலையணையை நீளவாக்கில் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரின் மீது தலையணை விளிம்பு அழுந்தக் கூடாது. கொப்புளம் வந்தால் குத்தாதீர்கள். காய்ந்து கெட்டியாகக் கறுத்துப்போனால் அந்தப் பொருக்கை உரிக்கவும் ஊறவைக்கவும் வேண்டாம், அதுவே ஒரு மூடி. அது இளகினாலோ, ஓரத்தில் நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.

சுடுதண்ணீர்ப் பை கூடவே கூடாது. உணர்வு குறைந்த காலில் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. படுக்கைக்குப் பக்கத்தில் கணப்பும் வேண்டாம். மேல் விளிம்பு இறுகாத உல்லன் காலுறை போதும், அதையும் தினம் இரண்டு முறை கழற்றிக் குதிகாலைப் பாருங்கள்.

வால் எலும்பில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக ஈரப் பசையோடு தெரிந்தாலோ, தெளிந்த நீர்க்கொப்புளம் வந்தாலோ இரண்டாம் நிலை. மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் ஊற்றிக் கழுவி, ஃபோம் டிரஸ்ஸிங் ஒட்டலாம். எப்போது மாற்றுவது என்பதை நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் புண்ணுக்குள் போகக் கூடாது. இவை புதிதாக வளரும் சதையையும் அரிக்கும், புண்ணின் நிறத்தையும் மறைக்கும். குழி விழுந்து மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால் மூன்றாம் நிலை, எலும்போ தசையோ தெரிந்தால் நான்காம் நிலை. இரண்டும் வீட்டில் ஆற்றக்கூடியவை அல்ல. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும் தாமதிக்க வேண்டாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி ஏறலாம். அப்போது திடீரென மயக்கமாக இருப்பதும் சாப்பாட்டை ஒதுக்குவதும்தான் அறிகுறி.

சாப்பாட்டில், அவர் எடைக்கு நாளுக்கு 55 முதல் 65 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டை, மூன்று டம்ளர் பால் சேர்ந்தால் பாதியைத் தாண்டும். மீதிக்குப் பருப்பு, சுண்டல். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுக் கூட்டுங்கள்.

வீட்டுக்கே வந்து பார்க்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புச் சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். குன்னூருக்கோ ஊட்டிக்கோ கொண்டுபோக நேர்ந்தால் காரில் உட்கார வைத்து வளைவுகளில் ஓட்டாதீர்கள். அந்த ஒரு மணி நேரச் சரிவும் உலுக்கலும் வால் எலும்புச் சிவப்பைப் புண்ணாக்கிவிடலாம். படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி பிடித்து, ஒருக்களித்து, கெண்டைக்காலுக்குக் கீழே அதே தலையணையோடு அழைத்துப் போங்கள்.