சாயப்பட்டறைக் கழிவுநீரில் குளோரைடு: எந்த நிறங்காட்டியை எப்போது எடுப்பது? (கேள்வி பதில்)

கேள்வி (திருப்பூர், சாய ஆலை ஆய்வகப் பணியாளர்): ஐயா, எங்கள் சமன்தொட்டி நீருக்குக் குரோமேட் முறையில் நாங்கள் பார்த்தால் 2,900 மி.கி. வருகிறது. அதே நாள் மாதிரிக்கு வெளி ஆய்வகம் 2,610 என்று கொடுத்திருக்கிறது. நீரின் பி.எச். 5.2, இளம் பழுப்பு நிறம். யார் சொல்வது சரி?

பதில்: வெளி ஆய்வகத்தின் எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பி.எச். மட்டும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. அமில நீரில் குரோமேட்டின் பெரும்பகுதி வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. 5.2 என்ற நிலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் குரோமேட்டாகவே மிஞ்சும். சிவப்பு வீழ்படிவு உண்டாக அதனால் கூடுதல் வெள்ளி தேவைப்படுகிறது, முடிவு நிலை பிந்துகிறது, விடையும் உயர்கிறது. 0.0141 நார்மல் வெள்ளி நைட்ரேட்டில் அந்தப் பிந்துதல் சுமார் அரை மி.லி. இருக்கும். நீங்கள் எவ்வளவு மாதிரி எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. 2 மி.லி. எடுத்து 100 மி.லி.க்கு நீர்த்தியிருந்தால் அந்த அரை மி.லி. லிட்டருக்கு 125 மி.கி. ஆகும், 5 மி.லி. எடுத்திருந்தால் 50 மி.கி.தான். எப்படிப் பார்த்தாலும் 290 வராது.

மீதியைக் குறித்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாலியெஸ்டர் துணியைச் சாயமிட்ட பின் ஹைட்ரோஸ் போட்டு அலசும் தண்ணீரும் அந்தத் தொட்டிக்கு வருகிறதா? ஹைட்ரோஸும் அது மாறி உண்டாகும் சல்பைட்டும் வெள்ளியை வாங்கிக்கொள்ளும். தரம்பார்க்கும்போது குடுவையை உற்றுப் பாருங்கள். வீழ்படிவு வெள்ளையாக இருக்கிறதா, வெயில் படாமலே சாம்பல் நிறத்துக்குப் போகிறதா? குரோமேட்டின் மஞ்சளில் பச்சைச் சாயல் தட்டுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒடுக்கும் பொருள் நீரில் இருக்கிறது என்று பொருள்.

5 மி.லி. மாதிரியை 100 மி.லி.க்கு நீர்த்தி, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச்.சை 8-க்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் 1 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு ஒரு நிமிடம் கலக்கிவிட்டு நிறங்காட்டியைச் சேருங்கள். பி.எச். கூடிவிட்டால் குறைக்கக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்துங்கள். பழக்கதோஷத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டுவிட்டு, குளோரைடு ஏன் ஏறியது என்று தேடுவோர் உண்டு. பெராக்சைடு விட்டும் விடாமலும் ஒரே மாதிரியைப் பார்த்து இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

கேள்வி (ஈரோடு, வேதியியல் முதுகலை மாணவி): இவ்வளவு சிரமம் எதற்கு ஐயா? அமில நீருக்கு வோல்ஹார்டு முறைதானே? நைட்ரிக் அமிலத்தில் செய்வதால் பி.எச். பிரச்சினை இல்லை, நிறப் பிரச்சினையும் இல்லை, விடையும் எப்போதும் துல்லியம் என்று படித்தேன்.

பதில்: முதற்பாதி சரி. அமிலத்தன்மையைப் பற்றி அங்கே கவலைப்பட வேண்டியதில்லை. பாஸ்பேட் போன்றவையும் அமிலத்தில் வெள்ளியோடு வீழ்படிவதில்லை. நிறப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. இரும்பு தயோசயனேட்டின் செம்பழுப்புதான் அங்கே முடிவு நிலை. சிவப்புச் சாயம் ஓடிய நாளில் அந்த நிறத்தை எதிலிருந்து பிரித்தறிவீர்கள்?

துல்லியம் என்பதும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இந்தத் திருப்பூர் நீரையே எடுத்துக்கொள்வோம். 25 மி.லி. மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, 0.1 நார்மல் வெள்ளி நைட்ரேட் 25.00 மி.லி. விடுகிறோம். மிஞ்சிய வெள்ளியை 0.1 நார்மல் தயோசயனேட்டால், இரும்புப் படிகாரத்தை நிறங்காட்டியாக வைத்துத் திருப்பித் தரம்பார்க்கும்போது 6.65 மி.லி. செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரைடோடு சேர்ந்த வெள்ளி 18.35 மி.லி.

```
(25.00 − 6.65) × 0.1 × 35450 / 25 = 2602 mg/L
```

இதே குடுவையில் வெள்ளி குளோரைடு வீழ்படிவை வடிகட்டாமல் விட்டுத் தயோசயனேட்டை விட்டால், சிவப்பு தோன்றும், குலுக்கினால் மங்கும், மறுபடி ஒரு துளி விட வேண்டிவரும். வெள்ளி தயோசயனேட், வெள்ளி குளோரைடைவிடக் குறைவாகக் கரைவது. ஆகவே வீழ்படிவில் இருக்கும் வெள்ளியையும் தயோசயனேட் மெல்ல இழுத்துக்கொள்கிறது. 7.20 வரை போய்விட்டால் விடை 2,524 ஆகக் குறையும். குரோமேட் முறை அமிலத்தில் விடையைக் கூட்டிக் காட்டுகிறது. வோல்ஹார்டு, வடிகட்டாவிட்டால் குறைத்துக் காட்டுகிறது. இரண்டு ஆய்வகங்களின் எண்கள் ஒத்துப்போகாதபோது எது கூடுதல், எது குறைவு, எந்த முறை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

வீழ்படிவைக் கொதிக்கவைத்துத் திரளச் செய்து, வடிகட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவிவிட்டு, வடிநீரில் தரம்பாருங்கள். வடிகட்டுவதற்குப் பதிலாக நைட்ரோபென்சீன் விட்டுக் குலுக்கி வீழ்படிவின் மேல் பூச்சு ஏற்றுவதும் உண்டு. அது நச்சுப் பொருள். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மாணவர் ஆய்வகத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (பல்லடம், தென்னை விவசாயி): எங்கள் போர் தண்ணீரில் குளோரைடு 1,170 என்று எழுதிக் கொடுத்துள்ளார்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதால் ஏறியதா? தென்னைக்கு விடலாமா?

பதில்: பிளீச்சிங் பவுடரில் இருந்து வருவது கிருமியைக் கொல்லும் குளோரின். அதுவும் முடிவில் குளோரைடாகத்தான் மாறும், ஆனால் நீங்கள் போடும் அளவுக்கு லிட்டருக்குச் சில மி.கி.தான் கூடும். 1,170 என்பது நிலத்தடி நீரிலேயே இருக்கும் உப்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) 250 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே இது குடிக்க ஆகாது. தென்னை குளோரைடுக்கு அஞ்சும் மரம் அல்ல, அதற்கு அது சத்தும்கூட. அங்கே பார்க்க வேண்டியது சோடியமும் மின்கடத்துதிறனும். அந்த இரண்டு எண்களும் இல்லாமல் விடலாம், விடக்கூடாது என்று நான் சொல்வது முறையல்ல.

சீட்டில் கணக்கு எழுதியிருந்தால் ஒரு முறை சரிபாருங்கள். 10 மி.லி. மாதிரி, பியூரெட் அளவு 23.6, வெறும் நீருக்கு 0.2 என்றிருந்தால் மீதி 23.4. அதை 0.0141-ஆலும் 35,450-ஆலும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 1,170 வரும். வெறும் நீரின் அளவைக் கழிக்காத சீட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கோவை, கல்லூரி ஆய்வக உதவியாளர்): சிறுவாணிக் குழாய் நீரை 100 மி.லி. எடுத்தால் 1.4 மி.லி.யிலேயே நிறம் மாறிவிடுகிறது. குரோமேட் நச்சு என்பதால் டைகுளோரோபுளோரசீனுக்கு மாறலாம் என்று நினைத்தேன். ஆனால் அதில் நிறமாற்றமே தெரியவில்லை.

பதில்: தெரியாமல் போனது இயல்பே. அந்த நிறங்காட்டி வேலை செய்வது கரைசலில் அல்ல, வெள்ளி குளோரைடுத் துகள்களின் மேற்பரப்பில். சமநிலை தாண்டியதும் துகள்கள் வெள்ளி அயனியைப் பற்றிக்கொண்டு நேர்மின்னேற்றம் பெறுகின்றன. அதன்பின் எதிர்மின்னேற்றமுள்ள சாயம் அவற்றில் ஒட்டி இளஞ்சிவப்பாகிறது. உங்கள் நீரில் இருப்பதோ ஆறு மி.கி. அளவுதான்: 1.4-இல் வெறும் நீருக்கான 0.2-ஐக் கழித்து, 0.0141-ஐ 35,450-ஆல் பெருக்கினால் வரும் 500-ஆல் பெருக்கி, நூறால் வகுத்துப் பாருங்கள். சாயம் ஒட்டுவதற்கு வேண்டிய துகளே போதிய அளவில் இல்லை. உப்பு மிகுந்த நீரில் இதற்கு நேர்மாறான சங்கடம் வரும். துகள்கள் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும், மேற்பரப்பு சுருங்கிவிடும். அதைத் தடுக்கவே டெக்ஸ்ட்ரின் சேர்க்கிறோம். மிதமான உப்புள்ள, தெளிந்த கிணற்று நீருக்கு இது நல்ல முறை. முடிவு நிலை குரோமேட்டைவிடக் கூர்மையாகவே இருக்கும். வெயில் விழும் சன்னலோரத்தில் மட்டும் செய்யாதீர்கள், வீழ்படிவு கறுத்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

சிறுவாணி நீருக்குக் குரோமேட்டே இருக்கட்டும். அங்கே விடையைத் தீர்மானிப்பது வெறும் நீர்ச் சோதனை. காய்ச்சி வடித்த நீரில் வெண்மைக் கலங்கல் இல்லாததால் அதில் நிறமாற்றம் வேறு மாதிரித் தெரியும். குளோரைடு இல்லாத கால்சியம் கார்பனேட்டை ஒரு சிட்டிகை போட்டால் இரண்டு குடுவைகளும் ஒரே பின்னணியில் இருக்கும். குரோமேட் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி (கரூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): செங்கல் நிறம் வரும்வரை விட வேண்டும் என்றே நாங்கள் கற்பித்தோம். இப்போது இளைஞர்கள் ஆரஞ்சிலேயே நிறுத்துகிறார்கள்.

பதில்: அவர்கள் செய்வது சரி, ஐயா. துளி விழும் இடத்தில் சிவப்புத் தோன்றிக் குலுக்கினால் மறைந்துகொண்டே வரும். மறையும் நேரம் மெல்ல நீளும். மஞ்சள் முழுவதும் லேசாகச் சிவந்து, அரை நிமிடம் அப்படியே நின்றால் அதுவே முடிவு. செங்கல் நிறத்துக்குப் போனால் சில துளி அதிகம். ஆனால் வெறும் நீருக்கும், சோடியம் குளோரைடு வைத்து வெள்ளி நைட்ரேட்டின் வலிமை காணும்போதும் அதே செங்கல் நிறத்திலேயே நிறுத்தியிருந்தால் அந்தப் பிழை பெரும்பாலும் தானே கழிந்துவிடும். ஒருவர் வலிமை காண, இன்னொருவர் மாதிரியைப் பார்க்கும் இடத்தில்தான் தொல்லை.

கேள்வி (திருப்பூர், முதலில் கேட்டவர்): 5 மி.லி. எடுத்துப் பார்த்தேன் ஐயா. பி.எச். 8-இல் பெராக்சைடு இல்லாமல் 2,790, விட்ட பின் 2,640. ஹைட்ரோஸ் தண்ணீர் வருவது உண்மை. ஆனால் கறுப்புச் சாயம் ஓடும் நாளில் எதுவுமே தெரிவதில்லை. அலுமினியம் ஹைட்ராக்சைடு போட்டு வடிகட்டினால் போதுமா?

பதில்: 2,640-க்கும் 2,610-க்கும் இடையே இருப்பது, உங்கள் 5 மி.லி. மாதிரியில், பியூரெட்டில் 0.3 மி.லி. அது இரண்டு பேரின் கண் வேறுபாடாகவே இருக்கலாம். அதற்கு மேல் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கறுப்புச் சாய நாளைப் பொறுத்தவரை, அலுமினியம் ஹைட்ராக்சைடு சில சாயங்களை நன்றாகப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும்; எந்தச் சாயம் என்று தெரியாமல் உறுதி சொல்ல இயலாது. அதைக் குளோரைடு போகும்வரை கழுவித்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவே குளோரைடைச் சேர்க்கும். வடிகட்டிய நீரில் மஞ்சளைத் தெளிவாகப் பார்க்க முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டால் நிறங்காட்டிகளை விட்டுவிட்டு, வெள்ளி மின்முனை வைத்து மின்னழுத்தத் தாவலைப் பார்த்து முடிவு நிலையைக் காணுங்கள். நிறம் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் ஹைட்ரோஸ் அங்கேயும் வெள்ளியைத் தின்னும், ஆகவே பெராக்சைடு விடுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.