172 சதவீத விளைச்சல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 5 மி.லி. அனிலீனுடன் 5 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், சிட்டிகை துத்தநாகத் தூள் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து அசிட்டனிலைடு தயாரித்தேன். வடிகட்டியதும் நிறுத்தேன், 8.6 கிராம் இருந்தது. 8.6-ஐ 5-ஆல் வகுத்தால் 172 சதவீதம் வருகிறது. கடையில் வாங்கிய மாடல் ரீடிங் தாளில் 81 சதவீதம் என்றிருக்கிறது, அதையே எழுதிவிடு என்கிறார்கள் தோழிகள். நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்: இரண்டு இடங்களில். ஒன்று கணக்கில் இருக்கிறது, மற்றொன்று வாட்ச் கிளாஸில் இருக்கிறது. கணக்கில் உள்ளதை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வாட்ச் கிளாஸில் உள்ளதற்கு இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

நீங்கள் வகுத்த அந்த 5 கிராம் அல்ல, மில்லிலிட்டர். அனிலீன் திரவம், அதன் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.02 கிராம் என்பதால், நீங்கள் எடுத்தது 5.1 கிராம். ஆனால் அந்த 5.1-ஆல் வகுத்தாலும் விடை சரியாகாது. அனிலீன் மூலக்கூறு ஒன்று அசிட்டனிலைடாக மாறும்போது ஓர் அசிட்டைல் தொகுதியைச் சுமந்துகொண்டு கனமாகிறது: 93 கிராம் அனிலீன் முழுவதும் மாறினால் 135 கிராம் அசிட்டனிலைடு கிடைக்கும். ஆகவே ஒரு துளிகூட வீணாகாமல் வினை நடந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை முதலில் கண்டுபிடித்து, கையில் கிடைத்ததை அந்த எடையால்தான் வகுக்க வேண்டும். அதற்குத்தான் கோட்பாட்டு விளைச்சல் என்று பெயர். எடுத்த பொருளின் எடைக்கும் சதவீதத்துக்கும் நேரடி உறவு கிடையாது.

C6H5NH2 + (CH3CO)2O → C6H5NHCOCH3 + CH3COOH

இந்தச் சமன்பாட்டின்படி ஒரு மோல் அனிலீனிலிருந்து ஒரு மோல் அசிட்டனிலைடு கிடைக்கிறது. 5.1-ஐ 93-ஆல் வகுத்தால் 0.0548 மோல், அதை 135-ஆல் பெருக்கினால் 7.40 கிராம். பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நான் நிற்கமாட்டேன், ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் இந்த 'ஐந்து, ஐந்து, ஐந்து' அளவில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கைக்கு எளிதாக அளக்க வருகிறதே என்று வைத்த அளவு அது. மோல் கணக்குப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை.

அசிட்டிக் அன்ஹைட்ரைடின் அடர்த்தி ஏறத்தாழ 1.08. ஆகவே 5 மி.லி. என்பது 5.4 கிராம். அதன் மோலார் நிறை 102 என்பதால் 0.0529 மோல். அனிலீனோ 0.0548 மோல். அதாவது அன்ஹைட்ரைடு சற்றுக் குறைவாக இருக்கிறது. முதலில் தீர்ந்துபோகும் பொருள்தான் எவ்வளவு விளையும் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் பாடநூல் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று சொல்வது இதைத்தான். அந்தக் காரணி அனிலீன் என்றுதான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். இந்த அளவுகளில் அது அன்ஹைட்ரைடு. 0.0529-ஐ 135-ஆல் பெருக்கினால் கிடைப்பது 7.15 கிராம்.

இங்கே சில மாணவர்கள், அன்ஹைட்ரைடில் இரண்டு அசிட்டைல் தொகுதிகள் இருக்கின்றனவே, அது இரண்டு அனிலீனுக்குப் போதுமே என்று கேட்பார்கள். போதாது. ஒன்று அனிலீனுடன் சேர, மற்றொன்று அசிட்டிக் அமிலமாக விலகிவிடுகிறது; சமன்பாட்டின் வலது கோடியில் நிற்பது அதுதான். அப்படியானால் கூடவே ஊற்றிய 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம் மீதமுள்ள அனிலீனோடு வினைபுரியாதா என்பது அடுத்த கேள்வி. புரியும், ஆனால் மிக மெதுவாக. வினையில் உண்டாகும் நீரை வெளியேற்றியபடி மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால்தான் அதை நம்பலாம். கால் மணி நேரத்தில் அதன் பங்கு சிறியது, இங்கே அதன் வேலை பெரும்பாலும் கரைப்பானாக இருப்பதுதான். ஆகவே உங்கள் கணக்குக்கு 7.15 பொருந்தும். அன்ஹைட்ரைடை 6 மி.லி. எடுத்திருந்தால் அது 0.0635 மோலாகியிருக்கும், அனிலீன் முதலில் தீரும், 7.40 என்று எழுதுவதே சரியாகியிருக்கும். ஒரே ஒரு மில்லிலிட்டரில் கணக்கின் அடிப்படையே மாறிவிடுகிறது பாருங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர் கையிலுள்ள விடைத்தாளில் 7.40 இருக்கலாம் என்ற அச்சம் உங்களுக்கு வரும். எதைக் கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அந்த வரியைப் படித்த பிறகும் மதிப்பெண்ணைக் குறைப்பவரிடம் வாதாடிப் பயனில்லை.

இனி வாட்ச் கிளாஸுக்கு வருவோம். 8.6-ஐ 7.15-ஆல் வகுத்தால் 120 சதவீதம். நூறைத் தாண்டிய விளைச்சல் என்று எதுவும் கிடையாது. தாண்டியிருந்தால், நீங்கள் நிறுத்தது அசிட்டனிலைடை மட்டும் அல்ல. புக்னர் புனலிலிருந்து எடுத்தவுடன் நிறுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த எடையில் தண்ணீரும் இருக்கிறது, ஒட்டிக்கொண்ட அசிட்டிக் அமிலமும் இருக்கிறது, வடிதாளோடு நிறுத்திருந்தால் ஈரமான வடிதாளும் இருக்கிறது. கலவையைத் தண்ணீரில் ஊற்றும்போது துத்தநாகத் தூளைக் குடுவையிலேயே தங்கவிடாமல் அப்படியே கவிழ்த்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும்; சாம்பல் நிறத் துகள்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

இதில் உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. மூன்று மணி நேரத்தில் தயாரித்து, வடிகட்டி, மறுபடிகமாக்கி, உலர்த்தி, நிறுத்து, விளைச்சலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று கால அட்டவணை போடுகிறவர்கள் எவரும் ஈரமான அசிட்டனிலைடை ஒரு நாளேனும் உலர்த்திப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. அந்த அட்டவணைதான் மாடல் ரீடிங் தாள் விற்பவரை வாழவைக்கிறது. கல்லூரி வாசலில் உள்ள நகல் கடையில் இருபது ரூபாய்க்குத் தாள் கிடைக்கும். நான் புறத்தேர்வாளராகப் போயிருந்த ஓர் ஊரில், தாளோடு நிற்காமல், சின்னப் பொட்டலத்தில் உலர்ந்த வெண்ணிறப் பொடியும் சேர்த்துக் கொடுத்தார்கள். இருபது மாணவர்களில் பதினோரு பேருக்கு 81.3 சதவீதம். எல்லாருடைய பொடியும் ஒரே மாதிரி பளபளத்தது. ஒரு மாணவனின் பொடியை எடுத்து உருகுநிலை பார்த்தேன். அசிட்டனிலைடு 114 டிகிரியை ஒட்டி உருக வேண்டும். அது 122-இல் உருகியது. பென்சாயிக் அமிலத்தின் உருகுநிலை அது. பொட்டலம் கொடுத்தவர் டப்பாவை மாற்றி அள்ளியிருக்கிறார். உங்கள் தாளில் உள்ள 81 எந்த அளவில், எவ்வளவு உலர்ந்த பொருளுக்கு, யார் கண்ட எண் என்று அதை விற்றவருக்கும் தெரியாது. அதை எழுத வேண்டாம்.

நேர்மையாகச் செய்தால் எண் எப்படி நகரும் என்பதற்கு, உங்கள் அளவுகளையே எடுத்துச் செய்த என் பழைய மாணவி ஒருவருடைய குறிப்பைச் சொல்கிறேன். வடிகட்டியவுடன் 8.9 கிராம் இருந்தது. வடிதாள்களுக்கிடையே அழுத்தி, பரப்பி, தூசி படாமல் மூடி வைத்து மறுநாள் நிறுத்தபோது 6.2. அதற்கு அடுத்த நாள் 6.1, அன்று மாலை மறுபடி 6.1. இரண்டு முறை ஒரே எடை வந்தால்தான் உலர்ந்தது என்று பொருள், கையில் தொட்டால் உலர்ந்திருக்கிறது என்பது சான்றாகாது. 6.1-ஐ 7.15-ஆல் வகுத்தால் 85 சதவீதம். இது தூய்மைப்படுத்தாத பொருளின் விளைச்சல், அப்படியே பெயரிட்டு எழுத வேண்டியது.

பிறகு அதைக் கொதிநீரில் மறுபடிகமாக்கினார். கொதிக்கும் தண்ணீரில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 5 கிராம் கரையும் என்பதால் 120 மி.லி. தேவைப்பட்டது. சூடாக இருக்கும்போது அடியில் எண்ணெய் போன்ற துளிகள் தெரிந்தால் அழுக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது உருகிய அசிட்டனிலைடுதான், இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் கரையும். ஆறிய பிறகு வடிகட்டி, உலர்த்தி நிறுத்தபோது 5.2 கிராம், அதாவது 73 சதவீதம். காணாமல் போன 0.9 கிராம் எங்கே? குளிர்ந்த தண்ணீரிலும் 100 மி.லி.க்கு அரை கிராம் கரைந்தே இருக்கும், 120 மி.லி.யோடு 0.6 கிராம் சாக்கடைக்குப் போய்விட்டது. எஞ்சியது வடிதாளிலும் புனலிலும் ஒட்டியது, கொஞ்சம் மாசு. தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதிகம் இழப்பது இதனால்தான். 85-ஐ விட 73 குறைவாக இருந்தாலும் உருகுநிலை சரியாக 113-க்கும் 115-க்கும் இடையே வந்தது, முதலில் இருந்தது 108-லிருந்தே இளகத் தொடங்கியிருந்தது.

உங்கள் பொருளைக் கொட்டிவிடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முதலில் காலி வாட்ச் கிளாஸை நிறுத்துக் குறித்துக்கொண்டு, வடிதாளிலிருந்து பொருளை அதில் சுரண்டிப் போட்டு, அறைவெப்பத்திலேயே உலரவிடுங்கள். அவசரத்துக்கு நேரடிச் சுடரில் காட்டினால் பொருள் உருகிவிடும். எடை மாறாமல் நின்ற பிறகும் 7.15 கிராமுக்கு மேல் காட்டினால் துத்தநாகமோ அமிலமோ இன்னும் உள்ளே இருக்கிறது. கொதிநீரில் கரைத்து, சூடாகவே ஒருமுறை வடிகட்டி, ஆறவிட்டுப் படிகமாக்கி, மறுபடி உலர்த்தி நிறுங்கள். கீழே இறங்கியிருந்தால் வந்த எண்ணை 7.15-ஆல் வகுத்து நூறால் பெருக்கி, எந்த நிலையில் நிறுத்தது, எத்தனை டிகிரியில் உருகியது என்ற இரண்டையும் பக்கத்தில் எழுதி ரெக்கார்டில் ஒட்டுங்கள்.