மேற்படிக் குறியும் கோடும்

> "பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை எக்செலில் ஏற்றுகிறோம். ஊர், முந்தைய பள்ளி பத்திகளில் பாதி இடத்தில் '',,'' குறியும் '-' கோடும்தான். இரண்டையும் மேலே உள்ளதால் நிரப்பிவிடலாமா?"

குறியை நிரப்பலாம், கோட்டை வேண்டாம். முந்தைய பள்ளி பத்தியில் கோடு இருந்தால், பெரும்பாலும் நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை. நிரப்பினால் படிக்காத பள்ளியில் படித்ததாகிவிடும். வகுப்புப் பத்தியோடு ஒப்பிட்டால் தெரியும்: ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தவருக்கும் கோடு என்றால் அந்த எழுத்தர் அதையே மேற்படியாகப் போட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள்.

தட்டச்சில் இரட்டை மேற்கோளைப் போடாதீர்கள், சிஎஸ்வி கோப்பில் அது வரிகளையே குழப்பிவிடக்கூடும். மேற்படிக்கு நமக்குத்தான் ௸ இருக்கிறதே, யூனிகோடில் U+0BF8. கோட்டை - என்றே அடியுங்கள், வெற்றிடத்தை [காலி] என்று. வெற்றிடத்தை அப்படியே விட்டால், அதன் கீழ் வரும் ௸ அதையும் தாண்டி மேலே போய் வேறொருவர் ஊரை எடுத்துவரும். அடித்து முடித்தபின் ஊர்ப் பத்தியைப் பைத்தானின் பாண்டாஸில் இப்படி நிரப்பலாம், df என்பது ஏற்றிய அட்டவணை:

```python
s = df["ooru_raw"].fillna("[காலி]")
df["ooru"] = s.mask(s.eq("௸")).ffill()
```

மூலப் பத்தி அப்படியே இருக்கட்டும். நிரப்பி முடிக்கும்வரை வரிசை மாற்றாதீர்கள். அப்புறம், பக்கத்தின் முதல் வரியிலேயே ௸ வந்தால் முந்தைய பக்கத்தின் கடைசி வரியைத்தான் குறிக்கும். நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தால் அந்த இடத்தை நிரப்பாமல் விடுங்கள்; ௸ இருந்தால் நிரல் நிரப்பிவிடும் என்பதால் அங்கே [தெரியவில்லை] என்று அடியுங்கள். "௸ தெரு" போன்ற அரைகுறைகளை இந்த நிரல் தொடாது, கையால்தான் திருத்த வேண்டும்.